இருபத்தெட்டுப் பேர் தவறிய இரண்டு வினாக்கள்

வகுப்புத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கைக்கு வந்ததும் மாணவர் முதலில் பார்ப்பது தம் மதிப்பெண்ணை. இரண்டாவதாகப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணை. ஆசிரியரும் பெரும்பாலும் அவ்வாறே. மதிப்பெண்களைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறார். நாற்பது மாணவர் தனித்தனியே எவ்வளவு பெற்றனர் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் பத்து வினாக்கள் ஒவ்வொன்றும் எவ்வாறு நடந்துகொண்டது என்று யாரும் கேட்பதில்லை. வினாவும் தேர்வுக்கு உட்பட்டதுதான் என்னும் எண்ணத்தில் எழுந்ததே வினாப் பகுப்பாய்வு அட்டவணை. விடைத்தாள்களை மாணவர் வாரியாகப் படிப்பதற்குப் பதிலாக, வினா வாரியாகப் படிப்பது அதன் வேலை.

நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டால் நன்று. எடுத்துக்காட்டுக்காக நாமே ஒரு வகுப்பை அமைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, மாணவர் 40 பேர், பின்னமும் தசமமும் பற்றிய தேர்வு, வினாக்கள் 10, வினாவிற்கு ஒரு மதிப்பெண். விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுத்து எழுதும் முறை. திருத்தி முடித்தபின் ஒவ்வொரு வினாவிற்கும் எத்தனை பேர் சரியாக எழுதினர், எத்தனை பேர் தவறினர், எத்தனை பேர் ஒன்றும் எழுதாமல் விட்டனர் என்று எண்ணினால் பின்வரும் அட்டவணை கிடைக்கிறது.

| வினா | சரி | தவறு | விடுபட்டது |
|---|---|---|---|
| 1 | 38 | 2 | 0 |
| 2 | 33 | 7 | 0 |
| 3 | 30 | 10 | 0 |
| 4 | 12 | 28 | 0 |
| 5 | 24 | 16 | 0 |
| 6 | 22 | 18 | 0 |
| 7 | 12 | 28 | 0 |
| 8 | 26 | 12 | 2 |
| 9 | 28 | 6 | 6 |
| 10 | 15 | 11 | 14 |

அட்டவணையைப் படிக்குமுன் அதைச் சரிபார்த்தல் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்களையும் கூட்டினால் 40 வர வேண்டும். ‘சரி’ என்ற பத்தியை மேலிருந்து கீழாகக் கூட்டினால் 240 வருகிறது. நாற்பது மாணவரின் மதிப்பெண்களைக் கூட்டினாலும் அதே 240 வந்தாக வேண்டும். ஏனெனில் இரண்டும் ஒரே சரியான விடைகளை இருவேறு வழிகளில் எண்ணுவனவே. வாராவிட்டால் எங்கோ எண்ணிக்கை பிசகியிருக்கிறது. 240ஐ 40ஆல் வகுத்தால் வகுப்பின் சராசரி 6.

சரியாக எழுதியவர் தொகையை மொத்தத்தால் வகுத்து வருவதைத் தேர்வியலார் ‘கடின மதிப்பு’ என்பர். முதல் வினாவிற்கு அது 38ஐ 40ஆல் வகுக்க 0.95, நான்காம் வினாவிற்கு 0.30. பெயர் சற்று வேடிக்கையானது. மதிப்பு உயர உயர வினா எளிதாகிறது! எளிமை மதிப்பு என்று பெயரிட்டிருந்தால் குழப்பம் இராது.

இனி நம் கண் எங்கே செல்கிறது? நான்காம் வினாவும் ஏழாம் வினாவும் முன்னே வந்து நிற்கின்றன. இரண்டிலும் 12 பேர் சரி. 28 பேர் தவறு. “இவ்விரண்டு பகுதிகளும் மாணவர்க்குப் புரியவில்லை, மறுபடியும் நடத்த வேண்டும்” என்று கூறிவிடத் தோன்றும். அவ்வாறு கூறினால் பாதி சரியாகவும் பாதி பெருந்தவறாகவும் முடியும். ஒரே எண்ணிக்கைக்குப் பின்னால் இருவேறு கதைகள் உள்ளன. அவற்றைப் பிரித்துக் காட்ட இந்த அட்டவணை போதாது. இன்னும் ஒரு படி செல்ல வேண்டும்.

அந்தப் படி இதுதான். விடைத்தாள்களை மொத்த மதிப்பெண்ணின்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். மேலிருந்து 20 தாள்கள் மேற்பாதி. எஞ்சிய 20 கீழ்ப்பாதி. பிறகு ஒவ்வொரு வினாவையும் மேற்பாதியில் எத்தனை பேர், கீழ்ப்பாதியில் எத்தனை பேர் சரியாக எழுதினர் என்று தனித்தனியே எண்ணுங்கள். ஆயிரக்கணக்கானோர் எழுதும் பெருந்தேர்வுகளில் நடுவில் உள்ளவர்களை விட்டுவிட்டு, உச்சியிலிருந்து 27 விழுக்காடும் அடியிலிருந்து 27 விழுக்காடும் மட்டும் எடுப்பது வழக்கம். அந்த அளவே மிகப் பொருத்தமானது என்று 1939இல் அமெரிக்கப் புள்ளியியலறிஞர் ட்ரூமன் கெல்லி காட்டினார். நாற்பது பேர் வகுப்பில் அவ்வாறு செய்தால் பக்கத்திற்கு 11 தாள்களே மிஞ்சும். ஆகவே வகுப்புத் தேர்வுக்குப் பாதி பாதியாகப் பிரித்தலே தகும். அமெரிக்கத் தேர்வியலார் பால் டீடரிக் 1960இல் ஆசிரியர்களுக்கென எழுதிய சிறு கையேட்டில் இதற்கு ஓர் எளிய வழி கூறினார். மேற்பாதித் தாள்களை வகுப்பின் ஒரு பக்கத்தாரிடமும் கீழ்ப்பாதித் தாள்களை மறுபக்கத்தாரிடமும் கொடுத்துவிட வேண்டும். “முதல் வினா, உங்கள் கையில் உள்ள தாளில் சரியா?” என்று கேட்டால் கைகள் உயரும், எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். யாருடைய தாள் யாரிடம் உள்ளது என்று தெரியாமல் பெயரை மறைத்துவிட்டால், ஒருவரும் நாண நேராது. ஆசிரியர் இரவில் விழித்திருந்து செய்யும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நம் வகுப்பில் அவ்வாறு எண்ணினால் நான்காம் வினாவை மேற்பாதியில் 10 பேரும், கீழ்ப்பாதியில் 2 பேரும் சரியாக எழுதியுள்ளனர். ஏழாம் வினாவை மேற்பாதியில் 4 பேரும் கீழ்ப்பாதியில் 8 பேரும் சரியாக எழுதியுள்ளனர். கூட்டினால் இரண்டும் 12. கழித்தாலோ முதலாவதில் 8. இரண்டாவதில் 4 குறைவு, அதாவது கழித்தல் 4. இந்த வேறுபாட்டைப் பாதித் தொகையான 20ஆல் வகுத்தால் ‘பிரித்தறி மதிப்பு’ கிடைக்கும்: நான்காம் வினாவிற்கு 0.40, ஏழாம் வினாவிற்குக் கழித்தல் 0.20. வகுப்பின் பத்தில் ஒரு பங்கு, அதாவது இங்கே 4 பேராவது மேற்பாதியில் மிகுந்திருந்தால் வினா தன் பணியைச் செய்கிறது என்பது கையாளத்தக்க ஒரு விதி. மிக எளிய வினாவிற்கு மட்டும் இவ்விதி செல்லாது. முதல் வினாவில் தவறியவரே இருவர்; இரு பாதிக்கும் இடையே இரண்டுக்கு மேல் வேறுபாடு எங்கிருந்து வரும்? அதற்காக அவ்வினாவைத் தள்ளிவிடுதல் கூடாது. எல்லோரும் அறிந்திருக்க வேண்டியதை எல்லோரும் அறிந்திருக்கின்றனர் என்பதும் ஒரு செய்தியே.

முதலில் ஏழாம் வினாவைப் பார்ப்போம். பாடம் நன்கு தெரிந்தவர் தவறுகின்றனர்; தெரியாதவர் சரியாக எழுதுகின்றனர். உலக இயல்புக்கு மாறான இக்காட்சியைக் கண்டவுடன் மாணவரை விட்டுவிட்டு வினாவையும் விடைக்குறிப்பையும் ஐயுற வேண்டும். வினா இது: “2.5ஐ 0.4ஆல் பெருக்கினால் வருவது எது?” கொடுத்த விடைகள் நான்கு: 0.1, 1, 1.00, 10. ஆசிரியர் விடைக்குறிப்பில் 1.00 என்று எழுதிவைத்தார். 25ஐ 4ஆல் பெருக்கி 100 என்று எழுதி, இரண்டு இடம் தள்ளிப் புள்ளி வைத்தால் 1.00 வரும் என்பது அவர் கருத்து. ஆனால் 1.00 என்பதும் 1 என்பதும் ஓர் எண்ணே அல்லவா? மேற்பாதியில் 15 பேர் 1 என்பதைத் தேர்ந்தனர். கடைசிச் சுழிகளை நீக்கிச் சுருக்கி எழுத அவர்கள் கற்றிருந்தனர். கற்றதற்குத் தண்டனை பெற்றனர். கீழ்ப்பாதியில் அவ்வாறு எழுதியவர் 6 பேர். இரண்டையும் சரியென ஏற்றுக்கொண்டால் மேற்பாதியில் 19, கீழ்ப்பாதியில் 14, ஆக 33 பேர் சரி. வேறுபாடு 5. வினா உடனே ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

இஃது எண்ணிக்கை விளையாட்டன்று. 21 மாணவருக்கு ஆளுக்கொரு மதிப்பெண் திரும்பக் கிடைக்கிறது, மொத்தம் 261 ஆகிறது, சராசரி 6.5க்குச் சற்று மேலே செல்கிறது. தேர்ச்சிக் கோட்டிற்கு ஒரு மதிப்பெண் கீழே நின்றவர் அந்த 21 பேரில் ஒருவராக இருந்தால், அவர் முடிவே மாறுகிறது. மதிப்பெண்கள் மாறியதால் மேற்பாதி, கீழ்ப்பாதி என்ற வரிசையையும் புதிதாக அடுக்கி மற்ற வினாக்களை மீண்டும் எண்ணுதல் முறை. பழுதுற்ற வினாவும் சேர்ந்தே முதல் வரிசையைத் தீர்மானித்தது என்பதை மறக்கலாகாது. பிரித்தறி மதிப்பு கழித்தலாக வந்தால் விடைக்குறிப்பில் பிழை, இரண்டு சரியான விடைகள், இருபொருள் தரும் சொல் ஆகிய மூன்றையும் முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேயே காரணம் அகப்படும்.

நான்காம் வினாவின் கதை வேறு. “கீழ்க்காணும் எண்களுள் பெரியது எது?” என்பது வினா. விடைகள் 0.125, 0.35, 0.4, 0.08. சரியான விடை 0.4. இவ்வினாவில் பிழை ஒன்றுமில்லை. அறிந்தவரையும் அறியாதவரையும் நன்றாகவே பிரிக்கிறது. எனினும் 28 பேர் தவறினர். அவர்கள் எங்கே சென்றனர்? ‘தவறு’ என்ற ஒரே பத்தி இதைச் சொல்லாது. தவறான விடைகளைத் தனித்தனியே எண்ண வேண்டும். எண்ணினால் 0.125ஐ எழுதியவர் 23 பேர், 0.35ஐ எழுதியவர் 4 பேர், 0.08ஐ எழுதியவர் ஒருவர். அறியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தவர்களாயின் மூன்று விடைகளிலும் ஏறக்குறைய ஒன்பது ஒன்பது பேராகச் சிதறியிருப்பர். 23 பேர் ஒரே இடத்தில் கூடுவது தற்செயல் அன்று. அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது; ஆனால் அது தவறான விதி. புள்ளிக்குப் பின்னுள்ளதை முழு எண்ணாகப் படிக்கின்றனர்: 125, 35, 4, 8. ஆகவே 125 பெரியது.

இப்பிழை ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று. லாரன் ரெஸ்னிக் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்சு ஆகிய மூன்று நாட்டு மாணவரிடமும் இதனைக் கண்டு 1989இல் எழுதினர். நம் நாட்டில் 1957இல் தசம நாணயம் வந்தபின் தசமம் எளிதாகிவிட்டது என்று பலர் எண்ணினர். ஓரளவுக்கு உண்மை. ஆனால் விலைச் சீட்டில் 4.35 என்று எழுதி, நான்கு ரூபாய் முப்பத்தைந்து காசு என்று படிக்கிறோம். புள்ளி இரண்டு முழு எண்களுக்கிடையே வேலியாக நிற்கிறது. நாற்பது காசை 0.4 என்று எந்தக் கடைக்காரரும் எழுதுவதில்லை, 0.40 என்றே எழுதுகிறார். ஆகவே இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும் தசமங்களை ஒப்பிடும் பயிற்சியைக் கடைத்தெரு நமக்குத் தருவதில்லை என்பது என் கருத்து.

தவறான விடைகளைத் தனித்தனியே எண்ணுவதன் பயனை உலகறிந்த மற்றோர் அட்டவணையும் காட்டும். 1977-78இல் அமெரிக்காவில் நடந்த தேசியக் கணித மதிப்பீட்டில் 13 வயது மாணவரிடம், “பதின்மூன்றில் பன்னிரண்டு, எட்டில் ஏழு ஆகிய இரு பின்னங்களின் கூட்டுத்தொகை ஏறக்குறைய எவ்வளவு?” என்று கேட்டனர். இரண்டு பின்னங்களும் ஒன்றுக்கு மிக அருகில் உள்ளன. ஆதலால் விடை 2. கொடுத்த விடைகள் 1, 2, 19, 21, தெரியாது என்பன. 2 என்று எழுதியவர் 24 விழுக்காடு மட்டுமே. 19 என்றவர் 28 விழுக்காடு. 21 என்றவர் 27 விழுக்காடு. பன்னிரண்டையும் ஏழையும் கூட்டினால் 19. பதின்மூன்றையும் எட்டையும் கூட்டினால் 21. பாதிக்கு மேற்பட்டோர் பின்னத்தை ஓர் அளவாகக் காணாமல், மேலொரு எண்ணும் கீழொரு எண்ணுமாகக் கண்டனர். “76 விழுக்காடு சரியாக எழுதவில்லை” என்று மட்டும் அறிவித்திருந்தால் இதில் ஒன்றும் நமக்குத் தெரிந்திராது.

ஆறாம் வினாவைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். “பின்னத்தில் மேலே உள்ள எண் தொகுதியா, பகுதியா?” என்பது வினா. சரி 22, மேற்பாதியில் 11, கீழ்ப்பாதியில் 11. பாதிக்கு மேல் தெரிந்திருக்கிறதே என்று மகிழ வேண்டாம். இரண்டே விடைகள் உள்ள வினாவிற்கு நாற்பது பேரும் காசைச் சுண்டிப் பார்த்து எழுதினாலும் 20 பேர் அளவில் சரியாகவே வரும். 17 முதல் 23 வரை வருவது அத்தகைய சுண்டலில் வழக்கமானதே. எண்ணிக்கை 22, வேறுபாடு சுழி. பெயர் மறந்துபோய் வகுப்பு முழுவதும் ஊகித்ததாகக் கொள்வதே பொருந்தும்.

கடைசி மூன்று வினாக்களில் விடுபட்டவற்றை மேலிருந்து கீழாகப் படியுங்கள்: 2, 6, 14. அதற்குமுன் ஏழு வினாக்களிலும் ஒருவரும் விடவில்லை. நடுவில் ஒரு வினா மட்டும் பலரால் விடப்பட்டிருந்தால் அதன் பொருள் தெரியவில்லை எனலாம். இங்கே படிக்கட்டுப் போல் ஏறுகிறது. மணி அடித்துவிட்டது என்பதே அதன் பொருள். பத்தாம் வினாவை 40க்கு 15 என்று கணக்கிட்டால் கடினமானதாகத் தோன்றும். எழுதிய 26 பேருக்கு 15 என்று பார்த்தால் பாதிக்கு மேல் சரி. ஆனால் விரைவாக எழுதி அவ்வினாவை எட்டியவர்கள் பெரும்பாலும் பாடம் தெரிந்தவர்களாகவும் இருக்கக்கூடும். ஆதலால் இரண்டாம் கணக்கு சற்று மிகைப்பட்டிருக்கலாம். உண்மை இரண்டிற்கும் இடையே எங்கோ இருக்கிறது.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? நாற்பது பேரில் ஒருவர் விடையை மாற்றினாலும் பிரித்தறி மதிப்பு 0.05 நகர்கிறது. இருவர் அன்று காய்ச்சலோடு வந்திருந்தால் 4 என்ற வேறுபாடு 2 ஆகிவிடும். ஆகவே 3க்கும் 5க்கும் இடையே நின்று வாதாடுவது வீண். கழித்தல் 4, கூட்டல் 8 போன்றவற்றைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் அட்டவணை ‘இங்கே பார்’ என்று விரல் நீட்டுமே தவிர, காரணம் சொல்லாது. காரணத்தை வினாவைப் படித்தும் மாணவரைக் கேட்டும் அறிய வேண்டும்.

நான்காம் வினாவிற்குத் திரும்புவோம். ஆசிரியர் அடுத்த வாரம் தசம ஒப்பீட்டை மறுபடி நடத்தினார் என்று கொள்வோம். புரிந்ததா என்று அறிய ஒரு வினா போதுமா? போதாது. அதே ரெஸ்னிக் குழுவினர் வேறொரு தவறான விதியையும் கண்டனர். பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரிது என்று கற்ற சிலர், இலக்கம் குறைந்த தசமமே எப்பொழுதும் பெரியது என்று முடிவு செய்துவிடுகின்றனர். அவர்கள் 0.125, 0.35, 0.4 என்பவற்றுள் 0.4ஐத்தான் எழுதுவர், சரியென்று மதிப்பெண்ணும் பெறுவர். ஆகவே மறுதேர்வில் இரண்டு வினாக்கள் வைக்க வேண்டும். முதலாவதில் 0.6, 0.47, 0.318, இங்கே குறுகியது பெரியது. இரண்டாவதில் 0.5, 0.62, 0.736, இங்கே நீண்டது பெரியது.

முதல் வினாவில் 31 பேர் சரி, இரண்டாவதில் 29 பேர் சரி என்று வந்தால் வகுப்பில் பெரும்பாலோர் தேறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் இரண்டையும் ஒருங்கே சரியாக எழுதியவரை எண்ணுங்கள். 22 பேர்தாம் இருக்கின்றனர் என்று கொள்வோம். அப்படியானால் முதலாவதை மட்டும் சரியாக எழுதியவர் 9 பேர். இரண்டாவதை மட்டும் சரியாக எழுதியவர் 7 பேர். இரண்டிலும் தவறியவர் 2 பேர். அந்த 7 பேர் புள்ளிக்குப் பின்னுள்ளதை இன்னும் முழு எண்ணாகவே படிக்கின்றனர், அவர்களை 0.6ஐ 0.600 என்றும் 0.47ஐ 0.470 என்றும் சுழியிட்டு நிரப்பி எழுதச் செய்து ஒப்பிடவைக்க வேண்டும். அந்த 9 பேரில் சிலர் கவனக்குறைவால் தவறியிருக்கலாம். ஏனையோர் புதிய பாடத்தையே தவறாக வாங்கிக்கொண்டவர்கள். அவர்களுக்குச் சுழியிடும் பழக்கம் மட்டும் போதாது. ஒன்று என்ற நீளத்தைப் பத்தாகப் பிரித்த கோட்டில் 0.5ஐக் குறித்து, அதற்கு அப்பால் ஏழாம் கூறையும் கடந்து 0.736 எங்கே விழுகிறது என்று அவர்கள் கையாலேயே குறிக்கச் செய்தல் வேண்டும்.